‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

விரலின் மடக்குத் தசைநாண் அறுந்து, தைக்கப்பட்டு, மூன்று மாதம் கழித்து மடங்காத விரலோடு ஒருவர் திரும்பி வரும்போது, அவரது கோப்பில் பெரும்பாலும் ஒரே தொடர்தான் ஏறுகிறது: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’ பெங்களூரில் கை மறுவாழ்வுத் துறையில் ஆய்வு செய்துவரும் எனக்கு இத்தொடர் மீது கடும் மறுப்பு உண்டு. சிலரைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல கோப்புகளில் அது காரணத்தைக் கூறுவதில்லை, மறைக்கிறது. அந்த விரல் மடங்குமா என்பதை நோயாளி வீட்டிற்குச் செல்லும் முன்பே, எத்தனை இழைகளால் தைத்தோம், ஐந்தாம் நாளுக்கு என்ன ஏற்பாடு செய்தோம் என்னும் இரண்டு முடிவுகள் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன.

வாதத்திற்காக ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்வோம். பீன்யா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பட்டறை. இருபத்தாறு வயதுத் தொழிலாளி. கையால் இறுகப் பற்றியிருந்த தகடு வழுக்கியதில், வலக்கை நடுவிரலின் முதற்கணுவில், உள்ளங்கைப் பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் வெட்டு. அவசரப் பிரிவில் இரத்தம் நின்றவுடன் தோலைத் தைத்து அனுப்பிவிடும் அபாயம் இங்கேயே தொடங்குகிறது. காயம் சிறிது, உள்ளே நடந்தது பெரிது. கையை மேசைமீது தளர்வாக வைக்கச் சொன்னாலே தெரிந்துவிடும். மற்ற விரல்கள் இயல்பாகச் சற்று மடங்கியிருக்க, இவ்விரல் மட்டும் நீட்டி நிற்கும். விரலின் நடுமூட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னால் ஆழ்மடக்குத் தசைநாணைச் சோதிக்கலாம். மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு இவ்விரலை மட்டும் மடக்கச் சொன்னால் மேல்மடக்குத் தசைநாணைச் சோதிக்கலாம். விரலின் இரு ஓரங்களிலும் தொடுவுணர்ச்சியைப் பார்த்தால் நரம்புகளின் நிலை தெரியும். இவை மூன்றும் இரண்டு நிமிட வேலை.

நமது தொழிலாளியின் காயம் இரண்டாம் மண்டலத்தில் உள்ளது. மடக்குத் தசைநாண் செல்லும் பாதையை ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கிறோம்: விரல் நுனி முதலாவது, முன்கை ஐந்தாவது, மணிக்கட்டுச் சுரங்கம் நான்காவது, உள்ளங்கை மூன்றாவது. உள்ளங்கையின் மேல்வரையிலிருந்து விரலின் நடுக்கணுவின் நடுப்பகுதி வரை இரண்டாவது. இங்குதான் இரண்டு தசைநாண்கள் ஒரே இறுக்கமான உறைக்குள், எலும்போடு பிணைத்து வைக்கும் கப்பிகளுக்கு அடியில், ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. அறுந்த இடம் ஆறும்போது தசைநாண் உறையோடும், உறை எலும்போடும், இரு தசைநாண்கள் தம்முள்ளும் ஒட்டிக்கொள்ள இடம் இதைவிட வேறெங்கும் இல்லை. ஸ்டெர்லிங் பன்னல் இதை யாரும் நுழையக்கூடாத நிலம் என்னும் பொருளில் குறிப்பிட்டார். இங்கு உடனே தைக்காமல், பின்னாளில் வேறோர் இடத்துத் தசைநாணைக் கொண்டு ஒட்டுப்போட வேண்டும் என்பதே பல பத்தாண்டுகளின் கொள்கையாயிற்று. 1967இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஹெரால்ட் கிளைனெர்ட் குழுவினர், இதே மண்டலத்தில் உடனே தைத்து உடனே அசைத்தும் நல்ல பலன் பெறலாம் என்று அறிவித்தபோது அவையோர் நம்ப மறுத்தனர். இன்று நம்மில் எவரும் தைப்பதை மறுப்பதில்லை, அசைப்பதைத்தான் மறுக்கிறோம். அறிவிப்பின் முதற்பாதியை ஏற்றுக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டோம்.

ஏன் கைவிட்டோம்? ‘தையல் அறுந்துவிடும்’ என்னும் அச்சம். அச்சம் நியாயமானது, ஆனால் அதை எண்ணிக்கையாக்கிப் பார்க்க வேண்டும். மறுகையால் விரலை மடக்கும்போது தசைநாணில் விழும் இழுவிசை ஒன்பது நியூட்டன் வரை. எதிர்ப்பேதுமின்றித் தானாக மடக்கும்போது அது 35 நியூட்டன் வரை உயரக்கூடும். அறுபட்ட இடத்தை இரண்டே இழைகள் கடக்கும் தையல் ஏறத்தாழ 20 முதல் 30 நியூட்டன் வரை தாங்கும். நான்கு இழைகள் 40க்கு மேல். ஆறு இழைகள் 60ஐ ஒட்டி. எனவே இரண்டு இழையோடு நிறுத்தியவர் விரலை அசைக்கத் துணியமாட்டார், துணியவும் கூடாது. அவர் மாவுக்கட்டுப் போடுகிறார், விரல் ஒட்டிக்கொள்கிறது, கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதப்படுகிறது. அச்சத்திற்குரிய தையலை நாமே போட்டுவிட்டு, அந்த அச்சத்தையே அசைக்காமைக்குச் சான்றாகக் காட்டுகிறோம். இதுவே என் கண்டனத்தின் மையம்.

ஆகவே இழைகளின் எண்ணிக்கையை அறுவை மருத்துவரின் தனிப்பட்ட விருப்பம் என்று விட்டுவிட முடியாது. ஐந்தாம் நாளில் என்ன செய்ய இயலும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. நமது தொழிலாளிக்கு, வெட்டுமுனையிலிருந்து ஏழு முதல் பத்து மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, குறைந்தது நான்கு இழைகளாவது கடக்கும் மையத்தையல் வேண்டும். மெல்லிய நூலால் சுற்றிலும் ஓடும் விளிம்புத் தையல் முனைகளின் இடைவெளியைத் தடுக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்த தசைநாண் வலுப்பெறத் தாமதிக்கிறது என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர் தகட்டைப் பற்றியபடி, அதாவது விரல் மடங்கியிருந்த நிலையில் வெட்டுப்பட்டவர் என்பதையும் மறக்கக் கூடாது. விரலை நீட்டியதும் கீழ்முனை தோல்வெட்டுக்கு அப்பால் நுனியை நோக்கிச் சென்றிருக்கும். தோலைத் திறந்த இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருப்பவர் விபத்தின் கதையைக் கேட்காதவர்.

அடுத்தது கப்பி. வீங்கிய தையல் கப்பியின் விளிம்பில் தடுக்கி நின்றால் எத்தனை இழையும் உதவாது. நடுக்கணுவின் ஏ4 கப்பியைத் தேவைப்பட்டால் திறக்கலாம்; முதற்கணுவின் ஏ2 கப்பியில் ஒரு பகுதியைத் திறக்கலாம்; இரண்டையும் முழுமையாக இழந்தால் தசைநாண் வில்லின் நாண்போல் எழும்பிவிடும். சீனத்தின் நான்டோங் நகரத்து ஜின் போ டாங் இந்த வரையறைகளை விரிவாக எழுதியுள்ளார். கனடாவின் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறையில், அட்ரினலின் சேர்த்த லிடோகேயின் ஊசியோடு, மயக்கமும் ரத்தத்தடைப் பட்டையுமின்றி நோயாளி விழித்திருக்கையிலேயே தைக்கலாம். தைத்து முடித்ததும் அவரையே விரலை மடக்கி நீட்டச் சொல்லலாம். இடைவெளி விழுகிறதா, கப்பியில் தடுக்குகிறதா என்பது தோலை மூடும் முன்னரே தெரியும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை என்பதால், வசதியின்மையைக் காரணம் காட்டுவது இங்கு செல்லாது.

இனி மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை. முதலிரு நாள்களில் வீக்கமும் ரத்தக்கசிவும் மிகுதி, எனவே காத்திருக்கிறோம். ஒரு வாரம் கடந்தால் ஒட்டு உருவாகத் தொடங்கும், எனவே தாமதிப்பதில்லை. கையின் பின்புறம் ஸ்பிளின்ட்: மணிக்கட்டு ஏறத்தாழ நேராக, அடிமூட்டு சற்று மடங்கியவாறு, விரலின் இரு மூட்டுகளும் முழுவதும் நீட்ட இடமளித்து. முதலில் மறுகையால் விரலை முழுமையாக மடக்கி இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். அதன்பின் தானாக, முழு மடக்கின் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை. இறுதி மடக்கில்தான் எதிர்ப்பு மிகக் கூடுதல். அதை மூன்று, நான்காம் வாரம் வரை தவிர்க்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் விரலை முழுவதும் நீட்டுவது கட்டாயம். அதை விட்டால் நடுமூட்டு மடங்கியே உறைந்துவிடும். ஆறாம் வாரத்தில் ஸ்பிளின்ட்டை விலக்கலாம். பாரம் தூக்க பன்னிரண்டு வாரம்.

தோல்வி மூன்று வகை; மூன்றுக்கும் முகம் வேறு. நேற்றுவரை மடங்கிய விரல் திடீரென மடங்காமல் போனால் தையல் அறுந்திருக்கிறது. அன்றே திரும்பி வரவேண்டும். மறுகையால் முழுமையாக மடங்கி, தானாக மடங்காவிடில் ஒட்டு. இரு விதத்திலும் மடங்காவிடில் மூட்டே இறுகியிருக்கிறது. இவற்றுக்குச் சிகிச்சை வெவ்வேறு. ‘ஒத்துழைக்கவில்லை’ என்னும் ஒற்றைத் தொடர் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

இதற்கு எதிர்வாதம் வலுவானதே. முன்கூட்டி அசைத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு விரல்களில் தையல் அறுகிறது. சிறு குழந்தைக்கும், சொல்வதைப் பின்பற்ற இயலாதவருக்கும், நிலைப்படுத்த முடியாத எலும்பு முறிவு உடனிருப்பவருக்கும் மாவுக்கட்டே சரி. நகருக்கு வெளியே, வாராவாரம் வரமுடியாத தொலைவில் இருப்பவருக்கு அசைவுத் திட்டம் கடினம் என்பதையும் ஏற்கிறேன். ஆயினும் நம் தொழிலாளி பீன்யாவில் தங்கியிருக்கிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. கன்னடமோ தமிழோ ஒடியாவோ மட்டும் படிக்கத் தெரிந்தவர் எதில் ஒத்துழைக்க வேண்டும்? கூலி இழந்தும் வரும் நாளில் அவரைப் பார்க்கப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இருக்கிறாரா? இவ்விரண்டையும் கேட்காமல் விதிவிலக்கை விதியாக்குவது நேர்மையன்று. 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளில் தசைநாண்களை இடம் மாற்றியபோது, அறுவைக்குப் பிந்தைய பயிற்சியையும் அறுவையின் பகுதியாகவே கொண்டார். இம்மரபு நமக்குப் புதிதன்று.

அளவிடாமையும் இதன் ஒரு பகுதியே. பின்தொடர் குறிப்பில் ‘விரல் மடங்குகிறது’ என்று எழுதுவது அளவீடாகாது. ஸ்ட்ரிக்லண்ட் முறைப்படி நடு, நுனி மூட்டுகளின் தானியங்கு மடக்கைக் கூட்டி, நீட்டலில் உள்ள குறைவைக் கழித்து, 175ஆல் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். நம் தொழிலாளிக்கு நடுமூட்டு 85 பாகை, நுனிமூட்டு 40, நீட்டல் குறை 15 என்றால் எஞ்சுவது 110. அதாவது 63 விழுக்காடு. 70க்குக் கீழ் ‘நன்று’ ஆகாது, ‘சுமார்’ மட்டுமே. இது வெறும் கல்வி விவகாரமன்று. 2025 வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, நடுவிரல் முழுதும் துண்டிக்கப்பட்டால் சம்பாதிக்கும் திறன் இழப்பு 12 விழுக்காடு என்றது. இருந்தும் பாதி மடங்கும் விரலுக்கு அங்கு தனி வரி இருக்கவில்லை. மருத்துவரின் மதிப்பீடே வழியாக இருந்தது. அளவிடாத கோப்பு அத்தொழிலாளியை வெறுங்கையோடு அனுப்புகிறது.

எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்கு வரிகளைக் கேட்கிறேன். எந்த மண்டலம், எந்தெந்தத் தசைநாண். மையத்தையலில் எத்தனை இழை. எந்தக் கப்பி எவ்வளவு திறக்கப்பட்டது, மேசைமீது அசைத்துப் பார்த்தோமா. முதல் பயிற்சி எந்தத் தேதியில், யாரிடம், நோயாளிக்குத் தெரிந்த எந்த மொழியில். இந்நான்கும் எழுதப்பட்ட கோப்பில் பின்னாளில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எவரேனும் எழுதினால் அதை மதித்துப் படிப்பேன். இவை இல்லாத கோப்பில் அத்தொடரை எழுதியவரே முதலில் விளக்கம் தரக் கடமைப்பட்டவர். உடன்படாத அறுவை மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் தத்தம் பிரிவின் கோப்புகளில் இந்நான்கு வரிகளும் உள்ளனவா என்று பார்த்துவிட்டு மறுப்பு எழுதுக.