அந்தக் கடிதத்தை நாங்களும் வாசிக்கவேணும்

தனியார் வைத்தியசாலையில் ஒரு சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று என்றால், உங்கட உடம்பைப் பற்றி ஒரு கடிதம் புறப்படும். வைத்தியசாலையின் பில்லிங் பகுதியிலிருந்து காப்புறுதிக் கம்பனிக்குப் போகிற கடிதம். இன்னாருக்கு இந்தச் சத்திரசிகிச்சை தேவை, இவ்வளவு செலவாகும், நீங்கள் பொறுப்பெடுக்கிறீர்களா என்று கேட்கிற கடிதம். பிரீ-ஓதரைசேஷன் என்று சொல்லுவினம், முன்அனுமதி. கம்பனி ஓம் என்றால் பெரிய காசு கட்டாமல் வார்டுக்குப் போகலாம். இல்லையென்றால் கடன்பட்டாவது கட்டிப்போட்டு, பிறகு பில்லுகளைத் தூக்கிக்கொண்டு அலையவேணும். இந்தக் கடிதத்தை எழுத ஒருவர் இருக்கிறார், வாசிக்க ஒருவர் இருக்கிறார், திருப்பி அனுப்பவும் ஒருவர் இருக்கிறார். யாரைப் பற்றிய கடிதமோ அவர் மட்டும் அதைக் காணுவதில்லை.

"இன்ஷூரன்ஸ்காரர் எல்லாம் கள்ளர்" என்று எழுதிவிட்டுப் போவது சுகம். பஸ்ஸில் எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். ஆனால் எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவின் கோப்பைப் பக்கம் பக்கமாகப் பிரட்டிப் பார்த்தபோது எங்களுக்கு விளங்கியது வேறு.

பெரியம்மாவுக்கு 47 வயது. வேலை செய்கிற இடத்தில் குழுக் காப்புறுதி இருக்கிறது, சேர்ந்து ஒன்றரை வருஷம். மாதவிடாய் வந்தால் பத்து நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும். ஸ்கானில் கர்ப்பப்பையில் பைப்ரொயிட் கட்டிகள் என்று வந்தது. பெரியது 8 சென்ரிமீற்றர், இன்னொன்று கர்ப்பப்பையின் உட்குழிக்குள் தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12 இருக்கவேணும். மாடிப்படி ஏற ஏலாமல் இடையில் குந்துகிற நிலை. அரச வைத்தியசாலையில் இலவசமாகச் செய்யலாம், ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். காப்புறுதி இருக்குதுதானே என்று தனியாருக்குப் போனார்கள். நிபுணர் கர்ப்பப்பையை அகற்றத் தீர்மானித்தார். இரத்தம் கொஞ்சம் ஏறவேணும் என்று முதலில் இரும்புச்சத்தை நாளத்தின் வழியாக ஏற்றி 9.6க்குக் கொண்டுவந்து, ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தியேட்டர் பதிந்தாயிற்று.

பில்லிங் பகுதி அனுப்பிய படிவத்தில் 'மருத்துவக் காரணம்' என்ற பெட்டிக்குள் இருந்தது இரண்டே சொல்: பைப்ரொயிட், ஹிஸ்ரரெக்டமி. 'எவ்வளவு காலமாக' என்ற பெட்டியில்: 2 வருடம். ஸ்கான் ரிப்போர்ட்டையும் செலவு மதிப்பீட்டையும் பின்னால் இணைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

புதன்கிழமை கம்பனி இரண்டு கேள்வியோடு திருப்பி அனுப்பியது. ஒன்று, சத்திரசிகிச்சைக்கு முதல் வேறு என்ன சிகிச்சை முயற்சிக்கப்பட்டது? இரண்டு, நோய் முதன்முதலில் எப்போது கண்டறியப்பட்டது, பழைய பதிவுகளை அனுப்பவும். பில்லிங் பகுதி என்ன செய்தது தெரியுமோ? அதே ஸ்கான் ரிப்போர்ட்டைத் திரும்பவும் ஈமெயிலில் அனுப்பியது. கம்பனி அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டது. வெள்ளிக்கிழமை போய்விட்டது. தியேட்டரில் அடுத்த இடம் நாலு கிழமைக்குப் பிறகு. இடையில் இன்னொரு மாதவிடாய். 9.6 ஆக்கிய ஹீமோகுளோபின் 8.1க்கு இறங்கிவிட்டது. மயக்கமருந்து கொடுக்கிற வைத்தியர், இரத்தத்தை ஏற்றாமல் தொடமாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இரத்த இழப்பு எந்தப் பில்லிலும் வராது.

நாங்கள் எல்லாரும் கவனிக்கவேண்டிய இடம் அந்த இரண்டு கேள்விகள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை வேறு வேறு ஆட்கள் பதில் சொல்லவேண்டிய கேள்விகள். "வேறு என்ன முயற்சித்தீர்கள்" என்பது மருத்துவக் கேள்வி. இந்தப் பெண்ணுக்கு இந்தச் சத்திரசிகிச்சை உண்மையில் தேவையா என்று கேட்கிறது. அதற்கு நிபுணர்தான் எழுதவேணும். "எப்போது கண்டறியப்பட்டது" என்பது ஒப்பந்தக் கேள்வி. காப்புறுதியில் சேர முதலே இந்த நோய் இருந்ததா, காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்கிறது. அதற்குத் திகதி போட்ட தாள்கள்தான் பதில். முதலாவதற்கு ஸ்கானைத் திருப்பித் திருப்பி அனுப்பிப் பிரயோசனமில்லை. ஸ்கான் கட்டி இருக்கிறது என்றுதான் சொல்லும். கட்டி இருக்கிற எல்லாருக்கும் கர்ப்பப்பையை எடுப்பதில்லை. பைப்ரொயிட் இருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிற பெண்கள் எத்தனையோ பேர்.

அந்த '2 வருடம்' இன்னும் மோசம். பெரியம்மா கிளினிக்கில் சொன்னது, "ரெண்டு வருசமாக் கொஞ்சம் கூடப் போகுது டொக்டர்" என்று. அது அறிகுறி. கூடுதலாக இரத்தம் போவதற்குத் தைரொயிட், ஹோர்மோன் என்று வேறு காரணங்களும் உண்டு. பைப்ரொயிட் என்று முதன்முதல் தெரியவந்தது ஐந்து மாதத்துக்கு முதல் எடுத்த ஸ்கானில். அறிகுறி தொடங்கிய நாளும் நோய் கண்டறியப்பட்ட நாளும் ஒரே பெட்டிக்குள் விழுந்தபோது, ஒன்றரை வருஷக் காப்புறுதிக்கு முன்னமே நோய் இருந்தது என்று வாசிக்க இடம் கொடுத்தாயிற்று. பொய் எழுதச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அறிகுறியை மறைக்கவும் கூடாது, மறைத்தால் பிறகு அதையே காட்டி முழுக் கோரிக்கையையும் தள்ளிவிட ஏலும். இரண்டு திகதியையும் இரண்டு வரியாக எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கடைசியில் பெரியம்மாவின் மகள் நிபுணரின் கிளினிக் வாசலில் இரவு ஒன்பதரை மட்டும் நின்று ஒரு கடிதம் வாங்கினாள். ஆங்கிலத்தில் பத்து வரி. எங்கட தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"47 வயது, இரண்டு பிள்ளைகள், மேலும் பிள்ளை விருப்பமில்லை. இரண்டு வருடமாகக் கூடுதல் மாதவிடாய். பைப்ரொயிட் முதன்முதல் கண்டறியப்பட்டது ஐந்து மாதத்துக்கு முன், ஸ்கான் இணைப்பில். இரத்த இழப்பால் சோகை, ஹீமோகுளோபின் 7.8. ட்ரனெக்ஸாமிக் அசிட் மூன்று மாதவிடாய்க்கும், பிறகு நோரெதிஸ்ரரோன் மூன்று மாதமும் கொடுத்தும் கட்டுப்படவில்லை. கட்டி உட்குழியை நெளித்திருப்பதால் ஹோர்மோன் வளையம் பொருந்தாது. உட்படல மாதிரிப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை. கட்டிகள் பல என்பதால், அவற்றை மட்டும் அகற்றினால் திரும்ப வரும் சாத்தியம் உண்டு. தாமதித்தால் சோகை கூடும், இரத்தம் ஏற்றவேண்டிவரும்."

ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியை வராமல் தடுக்கிறது. மருந்து கொடுத்துப் பார்த்தீர்களா, கொடுத்தாயிற்று. வளையம் போடலாமே, பொருந்தாது. கட்டியை மட்டும் எடுக்கலாமே, ஏன் இல்லை என்பதும் இருக்கிறது. இதில் ஒன்றுகூடப் புதிதில்லை, எல்லாம் ஏற்கெனவே பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் கிடந்தது. கடிதம் போன அடுத்த நாளே அனுமதி வந்தது. அதாவது நாலு கிழமை வீணாகப் போனது, கொப்பியிலிருந்த பத்து வரியைப் படிவத்துக்கு மாற்ற ஆளில்லாததால்.

ஏன் ஆளில்லை? நிபுணர் ஒரு மாலையில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். படிவத்தில் ஒப்பம் வைக்கத்தான் அவருக்கு நேரம். மிச்சத்தை நிரப்புவது பில்லிங் கவுன்டரில் இருக்கிற, எங்கட வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ட்ரனெக்ஸாமிக் அசிட் என்றால் என்ன என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளைத் திட்டிப் பிரயோசனமில்லை. ஆனால் நிபுணரின் கட்டணம், தியேட்டர், அறை என்று ஒவ்வொரு பஞ்சுக்கும் கணக்குப் போடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இந்தப் பத்து வரியை எழுத ஒரு தாதியையோ கனிஷ்ட வைத்தியரையோ நியமிக்கத் தெரியாதா? தெரியும். முன்அனுமதி வராவிட்டால் நோயாளி காசைக் கட்டுவார், வைத்தியசாலைக்கு நட்டமில்லை. அதுதான் விசயம்.

கம்பனி கேள்வியே கேட்கக்கூடாது என்று சிலர் சொல்லுவினம். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். இந்தியாவில் பிஹார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில், அரசாங்கக் காப்புறுதிப் பணத்தைக் குறிவைத்து ஏழைப் பெண்களின் கர்ப்பப்பையைத் தேவையில்லாமல் அகற்றினார்கள் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் தீர்ப்பு வந்தது. கர்ப்பப்பை அகற்றுகிறபோது "ஏன்" என்று யாராவது கேட்கத்தான் வேணும். அந்தக் கேள்வி பெண்ணைக் காப்பாற்றக்கூடிய கேள்வி. ஆனால் அதை அந்தப் பெண்ணிடம் கேட்காமல், அவளுக்குக் காட்டாமல், இரண்டு அலுவலகங்கள் ஈமெயிலில் பந்தடிக்கிறபோது அது காப்பாற்றுகிறது கம்பனியின் காசை மட்டும்தான். "வேறு வழிகள் இருந்தன" என்று பெரியம்மாவே அந்தக் கடிதத்தை வாசித்துத்தான் முதன்முதலாக அறிந்தார். வளையம் என்ற ஒன்று உண்டு, தனக்கு ஏன் அது சரிவராது என்று அதுவரை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

கம்பனிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. "மேலதிக விபரம் தேவை" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவது என்ன பழக்கம்? எந்த விபரம், யாரிடமிருந்து, ஒப்பந்தத்தின் எந்த வாசகத்தின்படி என்று எழுதவேணும். மறுத்தால் அதை எழுத்தில் தரவேணும். தொலைபேசியில் "அப்ரூவ் ஆகேல்ல" என்று சொல்லிவிட்டால், அதை வைத்துக்கொண்டு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போய் எதைக் காட்டுவது?

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நோயாளியின் ஒப்பத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. 'மேற்குறிப்பிட்ட விபரங்கள் யாவும் உண்மை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பெரியம்மா வைத்த தமிழ் ஒப்பத்துக்கு மேலே அந்த '2 வருடம்' இருந்தது. ஒப்பம் வைக்கிறபோது அந்தப் பெட்டி வெறுமையாக இருந்தது என்று அவர் சொல்கிறார். பிறகு நிரப்பினார்களாம். அடுத்தமுறை உங்கட அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நாள் குறித்தால், கவுன்டரில் வெறும் படிவத்தில் ஒப்பம் வைக்க விடாதேங்கோ. நிரப்பிய பிறகு தரச் சொல்லுங்கோ, காரணம் எழுதிய பக்கத்தையும் திகதிப் பெட்டிகளையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கோ, ஒரு பிரதி கேளுங்கோ. "அது இன்ஷூரன்ஸுக்கு மட்டும், நோயாளிக்குக் குடுக்கிறேல்ல" என்பார்கள். அப்படி எந்த விதியில் இருக்குது என்று கேளுங்கோ.