எதற்கும் அனுப்பி வைப்பதில் என்ன நட்டம்?

பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய எச்சரிக்கை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தால், பலரும் சொல்வது இதுதான்: “உண்மையோ பொய்யோ, எதற்கும் நாலு பேருக்கு அனுப்பி வைப்போம். பொய்யாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம்?”

நட்டம் போளூர் பக்கத்து அத்திமூரில் நேர்ந்தது. 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம், வழியில் நின்றபோது குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. வடமாநிலக் கும்பல் பிள்ளைகளைக் கடத்துகிறது என்ற தகவல் அந்த வட்டாரக் கைப்பேசிகளில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. ஊரார் சூழ்ந்து அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். வந்தவர்கள் தமிழ் பேசியும் பயனில்லை. வதந்தியை அனுப்பியவர்கள் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அடித்தவர்களின் பயம் அவர்கள் அனுப்பியதில்தான் வளர்ந்தது.

“வீடியோவே இருக்கிறதே” என்பது அடுத்த வாதம். அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், தெருவில் விளையாடும் சிறுவனை பைக்கில் வந்த இருவர் தூக்கிச் செல்கிறார்கள். அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து, சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டதும் நடிப்பு குற்றமாகிவிட்டது. காட்சியில் எதுவும் மாற்றப்படவில்லை என்பதால், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பொய் பிடிபடாது. சட்டென முடியும் வீடியோவைச் சந்தேகிக்க வேண்டும். தெளிவான ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், அது முன்பே வேறெங்காவது வெளியாகியிருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குரல் பதிவை அப்படித் தேட முடியாது. அதில் சொல்லப்படுவதைத்தான் சோதிக்க வேண்டும். “நேற்று நம்ம பக்கத்து ஊரில்” என்றால் எந்தத் தேதி, எந்த ஊர், எந்தக் காவல் நிலையம்? அனுப்பிய நாளெல்லாம் “நேற்று” பொருந்தும். அதனால்தான் இவ்வகைத் தகவல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. உண்மையாகவே குழந்தை காணாமல் போயிருந்தால் புகாரும் ஒரு நிலையமும் இருக்கும். அங்கே போனில் கேட்டுவிடலாம்.

“மாமா பொய் அனுப்புவாரா?” மாட்டார். ஆனால் மாமா அதன் மூலம் அல்ல. அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. குறி இல்லாததை வைத்து நம்பிவிடவும் கூடாது: எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் அந்த அடையாளம் மறைந்துவிடும். பெரியவரைக் குழுவில் எல்லோர் முன்னும் மறுத்தால் அவர் வீம்புக்கு நிற்கலாம். தனியாக அழைத்து, “மாமா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க? அவங்களுக்கு ஆளைத் தெரியுமா?” என்று கேட்டால், இரண்டு மூன்று பேருக்குள் பெரும்பாலும் பதில் நின்றுபோகும். அதன்பின் அந்தச் செய்தியைக் குழுவிலிருந்து நீக்கும்படி அவரிடமே சொல்லலாம். வேறு எங்கெல்லாம் அனுப்பினாரோ, அங்கேயும் ஒரு மறுப்பு போட வேண்டும்.