ஞாயிறு மதியம் பாதி ஆர்டர் காலி... அலாரம் ஏன் அடிக்கல?

ஒரு உணவு டெலிவரி ஆப்-ஐ எடுத்துக்கொள்வோம். ஞாயிறு மதியம் 1 மணியிலிருந்து 2 மணிக்குள் வழக்கமாக 4,000 ஆர்டர் வரும். பிரியாணி நேரம், சொல்லவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை அதே நேரத்தில் 1,500 வந்தாலே பெரிய விஷயம். அதிகாலை 3 மணிக்கு வெறும் 40.

இந்த ஆப்-இன் கண்காணிப்புத் திரையில் ஒரே ஒரு விதி இருக்கிறது: ஒரு மணி நேரத்தில் ஆர்டர் 1,000-க்குக் கீழே போனால் அலாரம். ஒரு ஞாயிறு மதியம் பேமென்ட் வழியில் கோளாறு. 4,000 வர வேண்டிய இடத்தில் 2,000தான் வந்தது. ஆனால் 2,000 என்பது 1,000-ஐ விட அதிகம்தானே? அலாரம் அமைதியாக இருந்துவிட்டது. அதே அலாரம் தினமும் அதிகாலை 3 மணிக்கு மட்டும் தவறாமல் அடித்து, நைட் ஷிஃப்ட் பொறியாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. தேவையான நேரத்தில் ஊமை, தேவையில்லாத நேரத்தில் கூச்சல்!

'அப்போ புள்ளியியலைக் கொண்டு வருவோம்' என்று அடுத்து யாராவது சொல்வார்கள். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் தள்ளிப் போனால் அலாரம் என்பது பழைய, நல்ல விதி. 1924-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட், தொழிற்சாலைத் தரத்தைக் கண்காணிக்க வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்திலிருந்து வளர்ந்தது இது. ஆனால் தொழிற்சாலையில் வார்க்கும் உதிரிபாகத்துக்கு இன்று ஞாயிறா செவ்வாயா என்று தெரியாது. பிரியாணிக்குத் தெரியும்.

நம்ம ஆப்-இன் முழு வாரத்துக்கும் சேர்த்து, மணிக்குச் சராசரி 1,200 ஆர்டர், திட்ட விலக்கம் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் எல்லை 1,200-லிருந்து 3,000-ஐக் கழித்தால் வருவது: மைனஸ் 1,800. ஆர்டர் எண்ணிக்கை மைனஸில் போனால்தான் அலாரம் அடிக்கும்! வாரத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் 'இரைச்சல்' என்று கணக்கில் சேர்த்ததன் விளைவு இது.

போன வாரத்தோடு ஒப்பிட்டால் போதுமா?

ஞாயிறை ஞாயிறோடும், 1 மணியை 1 மணியோடும் ஒப்பிட வேண்டும் என்பது சரியான யோசனைதான். ஆனால் பல டீம்கள் செய்வதுபோல, போன வாரத்தை மட்டும் எடுத்து ஒப்பிடுவது பாதி வேலை. போன ஞாயிறு கோளாறு வந்து 2,000 ஆர்டர் என்றால், இந்த ஞாயிறு எல்லாம் ஒழுங்காக நடந்து 4,000 வரும்போது, 'ஆர்டர் இரண்டு மடங்கு' என்று ஒரு பொய் அலாரம் வரும். இன்னும் மோசம், இந்த வாரமும் அதே கோளாறு வந்தால் '2,000-க்கு 2,000, எல்லாம் நார்மல்' என்று திரை பச்சையாகவே இருக்கும்.

அதனால் கடைசி 8 ஞாயிறுகளை எடுக்கலாம். 1 மணி முதல் 2 மணி வரை வந்த ஆர்டர்கள் இவை: 4,100, 3,950, 4,020, 1,900, 4,200, 3,880, 4,060, 3,990. நடுவில் உள்ள 1,900 ஒரு பழைய கோளாறு நாள். இன்று வந்திருப்பது 2,000.

சராசரி போட்டால் 3,762. திட்ட விலக்கம் சுமார் 759. கீழ் எல்லை 1,486. இன்றைய 2,000 அதற்கு மேலே இருப்பதால் அலாரம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட ஞாயிறு, இரண்டு மாதத்துக்கு அலாரத்தின் காதை அடைத்துவிடுகிறது.

இங்கேதான் பள்ளிக் கணக்கில் படித்த இடைநிலை அளவு கைகொடுக்கிறது. 8 எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதைப் பார்த்தால் 4,005. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிட்டு, அந்தத் தூரங்களுக்கும் இடைநிலை அளவு எடுத்தால் 75. இதைத்தான் எம்ஏடி என்கிறார்கள். திட்ட விலக்கத்தோடு ஒப்பிட இதை 1.4826-ஆல் பெருக்க வேண்டும், வருவது 111. இப்போது கீழ் எல்லை சுமார் 3,670. இன்றைய 2,000 வசமாக மாட்டிக்கொள்ளும். அந்த 1,900 ஒரு ஓரமாகக் கிடக்கிறதே தவிர, கணக்கைக் கெடுக்கவில்லை.

சரி, ஆனால் இந்த எல்லை ரொம்ப இறுக்கம். 8 எண்களை வைத்துப் போடும் எம்ஏடியே கொஞ்சம் ஆடும். மழை பெய்து 3,650 வந்தால்கூட அடித்துவிடும். அதனால் இன்னொரு நிபந்தனை தேவை: வழக்கத்தைவிடக் குறைந்தது 10 சதவீதமாவது விழுந்திருக்க வேண்டும். புள்ளியியல்படி வித்தியாசமாக இருப்பது வேறு, ஒருவரை எழுப்பும் அளவுக்கு முக்கியமாக இருப்பது வேறு.

அதிகாலைக்குத் தனிக் கவனம் வேண்டும். 5 நிமிடத்துக்கு 3 ஆர்டர் வரும் நேரத்தில், பெரும்பாலான வாரங்களில் அதே 3 வந்திருந்தால் எம்ஏடி பூஜ்யம் ஆகிவிடும். பிறகு 2 ஆர்டர் வந்தாலே அலாரம்தான். இதைத் தடுக்க, விலக்கம் எப்போதும் அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குக் குறையக் கூடாது என்று வைத்துவிடலாம். கூடவே, இரவில் 5 நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரத்தை மொத்தமாகப் பார்ப்பது நல்லது. 40 ஆர்டருக்கு வர்க்கமூலம் 6.3, எல்லை சுமார் 21. அதற்குக் கீழே போனால் எழுப்பலாம், நியாயம்தான்.

பொய் அலாரத்துக்கும் பட்ஜெட் உண்டு

5 நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்தால் வாரத்துக்கு 2,016 சோதனை. எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், மூன்று விலக்கத்துக்குக் கீழே தற்செயலாக விழும் வாய்ப்பு 0.135 சதவீதம். அதாவது ஒரு எண்ணுக்கு வாரம் 2.7 பொய் அலாரம். பரவாயில்லை போலத் தோன்றும். 100 ஊருக்குத் தனித்தனியாகக் கண்காணித்தால்? வாரத்துக்கு 270-க்கும் மேல். இரண்டாவது வாரத்திலேயே அந்த சேனலை எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். அப்புறம் உண்மையான அலாரம் அடித்து என்ன பயன்?

தொடர்ந்து மூன்று சோதனையிலும் எல்லை தாண்டினால் மட்டும் எழுப்பு என்றால் இது வெகுவாகக் குறையும். ஆனால் காகிதத்தில் வரும் அளவுக்குக் குறையாது. மழை 5 நிமிடத்தில் நிற்பதில்லை. ஒரு சோதனை விழுந்தால் அடுத்ததும் விழவே வாய்ப்பு அதிகம். விலை, 10 நிமிடத் தாமதம். பெரும்பாலான கோளாறுகளுக்கு அது கொடுக்கலாம். பாதிக்குக் கீழே ஒரேயடியாக விழுந்தால் மட்டும் காத்திருக்காமல் எழுப்பும்படி ஒரு விலக்கு வைத்தால் போதும்.

எந்த எண்களைப் போட்டாலும் நேரடியாக ஓடவிடக் கூடாது. கடந்த இரண்டு மாதத் தரவில் அந்த விதியை ஓட்டி, எத்தனை முறை அடித்திருக்கும், அதில் எத்தனை நிஜக் கோளாறு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எல்லையைக் கூட்டிக் குறைப்பது வெறும் ஊகம்.

பண்டிகைதான் உண்மையான தலைவலி. தீபாவளி 2024-ல் வியாழன், 2025-ல் திங்கள். கடந்த 8 திங்கள்கள் அந்த நாளைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தத் தேதிகளைப் பட்டியலிட்டு, ஆர்டர் எண்ணிக்கை அலாரத்தை அன்று ஓரங்கட்டிவிட்டு, பேமென்ட் வெற்றி விகிதத்தைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பேமென்ட் முயற்சித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குப் பணம் போனது என்ற எண்ணுக்கு ஞாயிறு, தீபாவளி என்ற பேதம் பெரிதாக இல்லை. ஆப் திறக்கவே இல்லை என்றால் மட்டும் அந்த விகிதம் ஏமாற்றும். முயற்சியே இல்லாதபோது விகிதம் ஏது?

இத்தனைக்குப் பிறகும் இந்த முறைக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. ஆர்டர் வாரம் 2 சதவீதம் என்று மெதுவாகக் குறைந்தால், இடைநிலை அளவும் கூடவே இறங்கி வரும், அலாரம் அடிக்கவே அடிக்காது. அதை ஆறு மாத வரைபடத்தை விரித்து வைத்து, ஒரு திங்கள்கிழமை மீட்டிங்கில் மனிதர்கள்தான் பார்க்க வேண்டும்.