மன்னிப்புப் பதிவில் முதல் வரி

சேலம், நாமக்கல் பகுதிக் கடைகளுக்கு விளம்பரம் எழுதும் நம்மிடம் இப்போது மன்னிப்புப் பதிவுகளும் வருகின்றன. பெரும்பாலும் அவற்றில் 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்ற வரி இருக்கும். என்ன தவறு, யாருக்கு என்ன கிடைக்கும் என்பது இருக்காது.

ஒரு கொலுசுக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 80 டச் என்று விற்ற கொலுசு, சோதித்தபோது 70 டச்தான் இருந்தது. 100 கிராம் ஜோடியில் 10 கிராம் வெள்ளி குறைகிறது. கடைக்காரர் தரும் வரைவு இது: 'சில வாடிக்கையாளர்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். தரமே எங்கள் உயிர்.' 'இருந்தால்' என்ற சொல் தவறையே சந்தேகமாக்குகிறது. இரண்டாவது வரியோ விளம்பரம். இரண்டையும் நீக்கிவிட்டு இப்படி எழுதலாம்:

'அக்டோபர் 10 முதல் 14 வரை நாங்கள் 80 டச் என்று விற்ற கொலுசுகளில் சில 70 டச்தான் இருந்தன. பற்றவைப்பு கூடிப்போனதைச் சோதிக்காமல் விற்றது எங்கள் தவறு. அந்த நாட்களில் வாங்கியவர்கள் கொண்டுவந்தால் இலவசமாக டச் பார்ப்போம். குறைந்த வெள்ளிக்கான பணத்தையோ, செய்கூலி உட்பட முழுப் பணத்தையோ, நீங்கள் கேட்பதை அன்றே தருவோம். பில் இல்லாவிட்டால் வாங்கும்போது தந்த போன் எண் போதும். இனி ஒவ்வொரு உருப்படியிலும் டச் பார்த்த பிறகே விற்போம்.'

நாள் குறிப்பிட்டதால் மற்ற வாடிக்கையாளர்கள் பதற வேண்டியதில்லை. காரணத்தைச் சோதனை உறுதிசெய்யாவிட்டால் அந்த வரியை எழுதக் கூடாது. 'இந்த மாதத்துக்குள் வராவிட்டால் பொறுப்பில்லை' என்று முடிப்பதும் தவறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது.

பழியைக் கடைப் பையன் மீதோ பட்டறைக்காரர் மீதோ போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2021 அக்டோபரில், இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று ஊழியர் ஒருவர் தமிழ்நாட்டு வாடிக்கையாளரிடம் சொன்னதற்காக சொமாட்டோ தமிழிலும் மன்னிப்பு கேட்டது. தமிழில் செயலி, கோவையில் அழைப்பு மையம் என்று அது சொன்னவை உருப்படியான பரிகாரங்கள். ஆனால் அந்த ஊழியரை நீக்கிவிட்டதாகவும் அதே அறிக்கை அறிவித்தது. அன்றே நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரைத் திரும்பச் சேர்ப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

இடமும் முக்கியம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கொலுசு வாங்கியவர் மறுவாரம் தேடினாலும் கிடைக்கும்படி, மன்னிப்பை நிலையான பதிவாகப் போட்டுப் பக்கத்தின் மேலே பொருத்த வேண்டும். நீண்ட பதிவில் முதல் சில சொற்களே திரையில் தெரியும் என்பதால், தவறு முதல் வரியிலேயே வரட்டும்.

பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் இன்னும் ஒப்பவில்லை என்றால், அவர் ஒப்பும்வரை பதிவை எழுதித் தராதீர்கள்.