செடி நட்ட போட்டோ போதும், தூர் போட்டோ அனுப்புங்க

ஜூன் 5 வந்தா நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஒரே மாதிரி போட்டோதான். குழிக்குப் பக்கத்துல நாலு பேர், கையில வாளி, பின்னாடி பேனர். அந்தச் செடிகளைப் பத்தி எனக்கு எந்தக் கோபமும் இல்ல. என் வாதம் அந்த போட்டோ பத்தினது. அது செடியோட முதல் நாளைக் காட்டுது. அந்தச் செடி பத்து வருஷம் நிக்குமா, நிக்காதாங்கிறதைக் காட்டுற போட்டோ வேற. தண்டு மண்ணுக்குள்ள இறங்குற அந்த ஒரு ஜாண் இடத்தோட போட்டோ அது. ஊர்ல அந்த இடத்துக்குத் 'தூர்'னு பேர். நட்டு ரெண்டு வருஷம் கழிச்சு அதை யாரும் எடுக்கிறதே இல்ல.

கெலமங்கலத்துல இருந்து ஓசூர் வர்ற ரோட்டுல ஒரு கம்பெனி காம்பவுண்டை ஒட்டி ஒரு புங்கன் மரம் நிக்குது. நட்டப்போ ஆடு, மாடு கடிக்காம இருக்கக் கூண்டு வெச்சிருக்காங்க, செடி சாயாம இருக்கக் கட்டுக்கம்பியால கூண்டோட சேர்த்துக் கட்டியிருக்காங்க. கூண்டு பாதி துருப்பிடிச்சு விழுந்தாச்சு, ஆனா கம்பி அப்படியே இருந்துச்சு. தூர்ல இருந்து ஒரு ஜாண் உயரத்துல, பட்டைக்குள்ள ஒரு பள்ளம் போட்டு உட்கார்ந்திருந்துச்சு. பள்ளத்துக்கு மேல தண்டு உப்பி இருந்துச்சு, கீழ ஒல்லியா இருந்துச்சு. இலையெல்லாம் பச்சைதான். பைக்ல போறவங்க கண்ணுக்கு நல்லா இருக்கிற மரம்.

நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் தையல் நூலை வெச்சு அளந்தோம். பள்ளத்துக்குள்ள சுற்றளவு 27 செ.மீ., மேல உப்பின இடத்துல 38 செ.மீ. இதை 3.14-ஆல வகுத்தா விட்டம் கிடைச்சிடும்: உள்ள 8.6 செ.மீ., வெளிய 12.1 செ.மீ. அதாவது அந்தக் கம்பி இறுக ஆரம்பிச்சப்போ தண்டு 8.6 செ.மீ. தடிமன். அதுக்கப்புறம் கம்பி இல்லாத இடம் மட்டும் 3.5 செ.மீ. பருத்திருக்கு. வருஷத்துக்கு ஒன்றரை, ரெண்டு செ.மீ. வளருதுன்னு வெச்சுக்கிட்டா, ஏறக்குறைய ரெண்டு வருஷமா அந்த மரம் கழுத்து நெரிபட்டு நிக்குது. ஒரு நூலும் ஒரு வகுத்தலும் போதும், மரத்தோட கேஸ் ஹிஸ்டரி கைல வந்துடும்.

அப்போ ஏன் இலை பச்சையா இருக்கு? இங்கதான் மரம் நம்மளை ஏமாத்துது. வேர் உறிஞ்சுற தண்ணி உள்பக்கக் கட்டை வழியா மேல போகுது. இலை செய்யுற சர்க்கரை பட்டையை ஒட்டின மெல்லிசான திசு வழியா கீழ வருது. கம்பி முதல்ல நசுக்குறது வெளியில இருக்கிற இந்தப் பட்டையைத்தான். தண்ணி மேல போயிட்டே இருக்கிறதால இலைக்கு உடனே குறை தெரியாது. கீழ வர வேண்டிய சாப்பாடு மட்டும் பள்ளத்துக்கு மேலயே தேங்கி நிக்கும், அந்த இடம் உப்பும். 17-ஆம் நூற்றாண்டுல இத்தாலிக்காரர் மால்பிகி, கிளையில பட்டையை வளையமா உரிச்சுப் பாத்தப்போ கண்டதும் இதே வீக்கம்தான். வேர் மட்டும் பட்டினி கிடக்கும். வேர் செத்தா தண்ணியும் நிக்கும், அப்போதான் உச்சிக் கிளை காயும், இலை சிறுக்கும், சீக்கிரமே மஞ்சளாகும். அது கண்ணுல படும்போது பல வருஷம் ஓடிப்போயிருக்கும். இல்லேன்னா ஒரு பலமான காத்துல அந்தப் பள்ளத்துலயே முறிஞ்சு விழும்.

"நாங்க லூஸாதான் கட்டினோம்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. செடி 3 செ.மீ. தடிமன், வளையத்தை 5 செ.மீ. விட்டத்துக்குத் தாராளமா விட்டுக் கட்டுறீங்க. சுற்றளவுல பாத்தா ஆறு செ.மீ.க்கு மேல கூடுதல் கம்பி, பாக்க ரொம்ப லூஸாதான் தெரியும். ஆனா விட்டத்துல உங்களுக்குக் கிடைச்சது வெறும் 2 செ.மீ., நல்லா வளர்ற செடிக்கு ஒரே ஒரு வருஷம். கம்பிக்கு மேல ஓஸ் பைப் துண்டு மாட்டினாலும் இதே கதைதான். பட்டை உரசாம இருக்கும், ஆனா வளையம் பெருசாகப் போறதில்ல. நைலான் கயிறும் அப்படித்தான், மக்காது. சணல் மக்கி அறுந்துடும், அதனால ஓரளவு பொழைச்சோம். அரசமரத்துல சுத்துற பருத்தி நூலுக்கும் பிளாஸ்டிக் கயித்துக்கும் இதே வித்தியாசம்தான்.

இதுவரைக்கும் சொன்னது வெளிய தெரியுற கட்டு. மண்ணுக்குள்ள மரமே தனக்குப் போட்டுக்குற கட்டு ஒண்ணு இருக்கு, அது இன்னும் மோசம். கறுப்பு பாலித்தீன் பையில வளர்ற செடியோட வேர், பையோட சுவரை முட்டினதும் திரும்பி, அதையே சுத்தி வர ஆரம்பிக்கும். பையில ரொம்ப நாள் கிடந்த செடியை உருவிப் பாருங்க, அடியில முறுக்குச் சுத்து மாதிரி இருக்கும். அப்படியே குழியில இறக்கினா வேர் தானா நேராகும்னு நினைக்காதீங்க, ஆகாது. பை 12 செ.மீ. அகலம்னா அந்த வேர் வளையமும் கிட்டத்தட்ட 12 செ.மீ. தண்டும் பருக்குது, வேரும் பருக்குது. ஏதோ ஒரு வருஷம் ரெண்டும் இடிக்கும், அப்புறம் தன் வேரே தன் தண்டை நெரிக்கும். அதுக்குள்ள நட்டவங்க எல்லாரும் டிகிரி முடிச்சுப் போயிருப்பாங்க.

இதை போட்டோல கண்டுபிடிக்கலாம், அதனாலதான் தூர் போட்டோ கேக்குறேன். ஆரோக்கியமான மரத்தோட தூர் யானைப் பாதம் மாதிரி, மண்ணைத் தொடுற இடத்துல எல்லாப் பக்கமும் விரிஞ்சு இறங்கும். மொபைலைத் தலைகீழாப் பிடிச்சு, லென்ஸ் மண்ணை ஒட்டி இருக்கிற மாதிரி வெச்சு, நாலு பக்கமும் ஒவ்வொண்ணு எடுங்க. அளவுக்குப் பக்கத்துல ஒரு பேனா. எடுக்கிறதுக்கு முன்னாடி குப்பையையும் சருகையும் ஒதுக்கிடுங்க, இல்லேன்னா படமே பொய் சொல்லும். மூணு பக்கம் விரிஞ்சு ஒரு பக்கம் மட்டும் தட்டையா இறங்குச்சுன்னா, அந்தப் பக்கம் மண்ணுக்குள்ள ஒரு வேர் குறுக்கே அழுத்திட்டு இருக்கலாம். எந்தப் பக்கமும் விரியாம கரண்ட் கம்பம் மாதிரி நேரா இறங்குச்சுன்னா, செடியை ஆழமாப் புதைச்சிருக்காங்க, இல்ல மேல மண்ணைக் கொட்டியிருக்காங்க, இல்ல சுத்தி வேர் இருக்கு. எதுன்னு போட்டோ சொல்லாது. கையால மண்ணை மெதுவா விலக்கிப் பாத்தாதான் தெரியும். தென்னை, பாக்கு, பனை மரங்களை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. அதுங்க தண்டு இப்படி வருஷா வருஷம் பருக்காது, சாப்பாட்டுக் குழாயும் பட்டையை ஒட்டி ஒரே வளையமா இல்லாம தண்டு முழுக்கச் சிதறி இருக்கும். ஆலமரத்துல விழுது பின்னிக்கிட்டு இருக்கிறதும் அதோட இயல்பு.

கண்டுபிடிச்சா என்ன செய்யுறது? கம்பி வெளிய இருந்தா ஒரு கட்டிங் பிளேயர், ஒரு நிமிஷ வேலை. பள்ளத்துல உட்கார்ந்திருந்தா ரெண்டு மூணு இடத்துல வெட்டி, தானா வர்ற துண்டை மட்டும் எடுங்க. பட்டை மூடின துண்டை இழுக்காதீங்க, கம்பியோட பட்டையும் உரிஞ்சு வரும். அந்தப் புங்கன்ல நாங்க ஒரு விரல் நீளத்தை உள்ளயே விட்டுட்டுதான் வந்தோம். வளையம் அறுந்தாச்சு, மீதியை மரம் பாத்துக்கும். வேர்னா அவசரம் வேண்டாம். தண்டு தடிமன்ல மூணுல ஒரு பங்குக்கும் குறைவான வேரை உளி இல்ல ஹேக்ஸா பிளேடால ரெண்டு முனையிலயும் வெட்டலாம், தண்டுக்குள்ள பதிஞ்ச துண்டை அப்படியே விட்டுடணும். அதைவிடப் பெரிய வேர் அந்த மரத்தையே தாங்கிட்டு இருக்கலாம். அதைத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டாம தொடக்கூடாது.

நடுற அன்னிக்கே செஞ்சா இது அஞ்சு நிமிஷ வேலை. பையைக் கிழிச்சு எடுத்துட்டு, மண்கட்டியோட பக்கத்துல மூணு நாலு இடத்துல மேலிருந்து கீழா 2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தியால கீறி, அடியில சுருண்ட வேரை வெட்டி விட்டா, புது வேர் வெளிப்பக்கமாப் போகும். சுவர்ல நீளவாக்குல வரம்பு வெச்ச ரூட் ட்ரெயினர் கப்புல வளர்த்த செடி கிடைச்சா இன்னும் நல்லது, அதுல வேர் சுத்தாம கீழே இறங்கும். தானா நிக்கிற செடிக்குக் குச்சியே தேவை இல்ல, காத்துல ஆடினாதான் தண்டு பலப்படும். கட்டியே ஆகணும்னா நம்ம ஊர்த் தக்காளித் தோட்டத்தைப் பாருங்க. குச்சிக்கும் செடிக்கும் நடுவுல எட்டு மாதிரி முறுக்கி, இடம் விட்டுக் கட்டுவாங்க. நம்ம அகலமான துணி நாடாவுல அதைச் செய்யலாம், ஒரு வருஷத்துல அவுத்துடணும். "கூண்டு இல்லேன்னா ஆடு மேஞ்சிடும்"ங்கிறது உண்மைதான். கூண்டு இருக்கட்டும், அதுல அவுக்க வேண்டிய தேதியும் பெயின்ட்ல எழுதி இருக்கட்டும்.

இது சட்டத்துக்கும் புதுசு இல்ல. டெல்லி மரங்கள் விஷயத்துல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரல் 23-ல, மரத்தைச் சுத்தி 1 மீட்டருக்குள்ள இருக்கிற கான்கிரீட்டை எடுக்கணும், மரத்துல மாட்டின போர்டு, வயரை எல்லாம் நீக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. நெரிக்கிறது கம்பியா இருந்தாலும் சிமென்ட் வளையமா இருந்தாலும் மரத்துக்கு ஒண்ணுதான். அந்த ஒரு மீட்டரை நம்ம கேம்பஸ்ல அமல்படுத்த எந்த உத்தரவும் வேண்டாம்.

அதனால நான் கேக்குறது இதுதான். இந்த ஜூன் 5-ல புதுச்செடி ஒண்ணு கூட நட வேண்டாம். அதே நாலு பேர் பிளேயரோட போய், போன மூணு பேட்ச் நட்ட மரங்களோட கட்டை அறுக்கட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் நாலு தூர் போட்டோ, நூல்ல அளந்த சுற்றளவு, தேதி மூணையும் ஒரு ஷீட்ல ஏத்தி அடுத்த பேட்ச்கிட்ட கொடுக்கலாம். "இத்தனை செடி நட்டோம்"னு ரிப்போர்ட் எழுதுறவங்க, "இத்தனை மரத்தோட தூர் விரிஞ்சு இருக்கு"ன்னு எழுதட்டும். முதல் கணக்கை ஒரே நாள்ல முடிச்சிடலாம். ரெண்டாவது கணக்குக்கு வருஷா வருஷம் யாராவது மண்டி போட்டுப் பாக்கணும்.