பத்துப் படிக்கு 55 இல்லை, 89 தான்



எங்கள் ஊர் வட்ஸ்அப் குரூப்களில் இந்தத் தவணைக்கு ஒரு மாதிரி வினாத்தாள் சுற்றுகிறது. அதில் ஒரு கேள்வி இது: 10 படிகள் உள்ள படிக்கட்டில் ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ வைத்து ஏறலாம் என்றால், எத்தனை விதமாக ஏறி முடிக்கலாம்? கூடவே வந்த விடைத்தாளில் 55 என்று போட்டிருக்கிறது. "பிபொனாச்சித் தொடரின் பத்தாம் உறுப்பு" என்று காரணமும் எழுதியிருக்கிறது. 89 என்று எழுதிய பிள்ளைகளுக்குப் பிழை போடப்பட்டு, "தொடரைப் பாடமாக்கவில்லை" என்ற ஏச்சும் கிடைத்திருக்கிறது.

பிழை விட்டது பிள்ளைகள் இல்லை, விடைத்தாள். அதைச் சொன்னதும், "ஒரு கணக்குக்கு ஏன் இவ்வளவு சண்டை, ஒரு புள்ளிதானே" என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஒரு புள்ளி பெரிய விசயம் இல்லை. சரியாக யோசித்த பிள்ளை ஏச்சு வாங்கியதும், யோசிக்காமல் ஒப்புவித்த பிள்ளை பாராட்டு வாங்கியதும்தான் எங்களுக்குப் பெரிய விசயம். ஆகவே 89 எப்படி வருகிறது என்பதைப் பெற்றார் எல்லோருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறோம். ஒரு பென்சிலும் கடதாசியும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம்.

சின்னதில் இருந்து தொடங்குவோம். ஒரு படி மட்டும் இருந்தால் ஏறுவதற்கு ஒரே விதம். இரண்டு படி இருந்தால் 1+1 அல்லது 2, ஆக 2 விதம். மூன்று படிக்கு 1+1+1, 1+2, 2+1, ஆக 3 விதம். நான்கு படிக்கு 1+1+1+1, 1+1+2, 1+2+1, 2+1+1, 2+2, ஆக 5 விதம். 1, 2, 3, 5 என்று வருகிறது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். "பாருங்கள், முன்னால் உள்ள இரண்டையும் கூட்டினால் அடுத்தது வருகிறது" என்று சொல்லி, பெயரையும் சொல்லி, கொப்பியை மூடச் சொல்கிறார்கள். ஏன் கூட்ட வேண்டும் என்று பிள்ளை கேட்டால் "கோலம் அப்படித்தான்" என்பதே பதில். அது பதில் இல்லை. நான்கு எண்களைப் பார்த்து ஐந்தாவதை ஊகிப்பது வேறு, ஐந்தாவது அதுவாகத்தான் இருக்க முடியும் என்று காட்டுவது வேறு.

காரணம் இதுதான். நான்காம் படியில் வந்து நிற்கும் ஒருவரிடம், "கடைசியாகக் கால் வைத்தது எங்கிருந்து?" என்று கேளுங்கள். அவர் ஒரு படி ஏறி வந்திருந்தால் அதற்கு முன் மூன்றாம் படியில் நின்றிருப்பார். இரண்டு படி தாவி வந்திருந்தால் இரண்டாம் படியில் நின்றிருப்பார். மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது. மூன்றாம் படிக்கு வர 3 விதம் இருந்தது. அவை ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 1 சேர்த்தால் 1+1+1+1, 1+2+1, 2+1+1 கிடைக்கும். இரண்டாம் படிக்கு வர 2 விதம் இருந்தது. அவற்றின் வாலில் ஒரு 2 சேர்த்தால் 1+1+2, 2+2 கிடைக்கும். முதற் கூட்டத்தில் உள்ள ஒன்று மற்றக் கூட்டத்தில் வராது, ஏனென்றால் கடைசி அடி வேறு. இரண்டிலும் சேராமல் எதுவும் விடுபடவும் மாட்டாது. ஆகவேதான் 3+2=5. கூட்டுவதற்கு உரிமை தருவது இந்தப் பிரிப்புத்தான். பெயர் எதுவும் அந்த உரிமையைத் தராது.

இதே கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டு போகலாம். ஐந்தாம் படிக்கு 5+3=8. ஆறுக்கு 13, ஏழுக்கு 21, எட்டுக்கு 34, ஒன்பதுக்கு 55, பத்துக்கு 89. விடைத்தாள் தந்த 55 என்பது ஒன்பது படிக்கட்டின் விடை. கேள்வியில் இருந்ததோ பத்துப் படி.

பிழை எங்கே நுழைந்தது என்பதும் தெளிவு. பிள்ளைகள் பாடமாக்கும் தொடர் 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று இரண்டு ஒன்றுகளோடு தொடங்குகிறது. அதில் பத்தாவது 55. படிக்கட்டின் எண்களோ 1, 2, 3, 5 என்று தொடங்குகின்றன. அந்த முதல் 1 எங்கே போனது? அது பூச்சியம் படிக்கு உரியது. ஏற வேண்டிய படியே இல்லை என்றால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, சும்மா நிற்பது. அதை ஒரு விதம் என்று எண்ணினால்தான் இரண்டாம் படியின் கணக்கும் சரிவரும்: நிலத்தில் இருந்து நேரே இரண்டு தாவுவது 1, முதற் படியில் இருந்து ஏறுவது 1, ஆக 2. எனவே பத்தாம் படிக்கு உரியது அந்தத் தொடரின் பதினோராம் எண். விடைத்தாளைத் தயாரித்தவர் பத்து என்ற இலக்கத்தைக் கண்டு பத்தாவதை எடுத்திருக்கிறார். படிக்கட்டைப் பார்க்கவே இல்லை.

"தொடர் 1, 1 என்றுதான் தொடங்கும், அது உலகத்துக்கே தெரியும்" என்றும் ஒருவர் குரூப்பில் எழுதியிருந்தார். அந்தப் பெயருக்கு உரியவரே அப்படித் தொடங்கவில்லை என்பதை அவருக்கு அறியத் தருகிறோம். பீசா நகரத்து லியோனார்தோ 1202இல் எழுதிய நூலில் முயல்களின் கணக்கு வருகிறது. ஒரு சோடியில் தொடங்கி, முதல் மாதத்தில் 2, இரண்டாம் மாதத்தில் 3, மூன்றாம் மாதத்தில் 5 என்று போய் பன்னிரண்டாம் மாதத்தில் 377 என்று முடிக்கிறார். அவர் கணக்கில் பத்தாம் மாதத்துக்கு 144 சோடி. அவருக்கு முன்னமே, 1150ஆம் ஆண்டளவில் ஹேமச்சந்திரர் என்ற சமண அறிஞர் செய்யுள் அளவைப் பற்றி எழுதும்போது இதே எண்களைத் தந்திருக்கிறார். குறில் 1 மாத்திரை, நெடில் 2 மாத்திரை என்று எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் படிப்பது போன்ற அளவுதான் அங்கும். குறிலையும் நெடிலையும் வைத்து 4 மாத்திரை நீளத்தை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கேட்டால் விடை 5. அது அப்படியே படிக்கட்டுக் கணக்கு. அங்கே 10 மாத்திரைக்கு 89. ஆக, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பத்தாவது 55 ஆகவும் இருக்கலாம், 89 ஆகவும் இருக்கலாம், 144 ஆகவும் இருக்கலாம். எது என்று தீர்மானிப்பது கேள்வி.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு, தொடரைத் தொடாமலே 89ஐ எடுத்துக் காட்டுகிறோம். பத்துப் படியை ஏறும்போது எத்தனை தடவை இரண்டிரண்டாகத் தாவினோம் என்று பிரித்துப் பாருங்கள். ஒரு தடவையும் தாவாவிட்டால் 1 விதம். ஒரு தடவை தாவினால் மொத்தம் 9 அடிகள், அதில் தாவல் எந்த அடி என்பதற்கு 9 விதம். இரண்டு தடவை தாவினால் 8 அடிகள், அதில் இரண்டு இடத்தைத் தெரிவுசெய்ய 28 விதம். மூன்று தடவை என்றால் 7 அடிகளில் மூன்று, அது 35. நான்கு தடவை என்றால் 6 அடிகளில் நான்கு, அது 15. ஐந்து தடவையும் தாவினால் 1. கூட்டிப் பாருங்கள்: 1+9+28+35+15+1=89. வேறு பாதையால் போயும் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தோம் என்றால் அதுதான் சரிபார்ப்பு. 55ஐ இப்படி எந்தப் பாதையாலும் எடுத்துக் காட்ட முடியாது.

இப்போது இன்னொரு சமாளிப்பு வருகிறது: "சரி, ஒன்று தள்ளி எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் போச்சு." போகாது. அதே படிக்கட்டில் ஆறாம் படி உடைந்து கிடக்கிறது, அதில் கால் வைக்க முடியாது என்று கேள்வியை மாற்றுங்கள். ஒன்று தள்ளி எடுக்கப் பழகிய பிள்ளை எந்த உறுப்பை எடுக்கும்? காரணம் தெரிந்த பிள்ளை தடுமாறாது. ஐந்தாம் படி வரைக்கும் முன்போலவே 8. ஆறாம் படிக்கு 0, அங்கே யாரும் நிற்க முடியாது. ஏழுக்கு ஐந்தில் இருந்துதான் தாவ வேண்டும், ஆகவே 0+8=8. எட்டுக்கு 8+0=8. ஒன்பதுக்கு 8+8=16. பத்துக்கு 16+8=24.

இதையும் சரிபார்க்கலாம். உடையாத படிக்கட்டில் ஆறாம் படியை மிதித்துப் போகும் விதங்கள் எத்தனை? கீழே இருந்து ஆறு வரைக்கும் 13, அங்கிருந்து மிச்சம் நான்கு படிக்கு 5, ஆக 13×5=65. மொத்தம் 89இல் 65ஐக் கழித்தால் 24. அதே விடை.

அல்லது மூன்று படியும் தாவலாம் என்று மாற்றுங்கள். கடைசி அடிக்கு இப்போது மூன்று இடம் உண்டு, ஆகவே முன்னால் உள்ள மூன்றையும் கூட்ட வேண்டும்: 1, 2, 4, 7, 13. ஐந்து படிக்கு 13. "இரண்டைக் கூட்டு" என்று மட்டும் பாடமாக்கிய பிள்ளை இங்கே 4+7=11 என்று எழுதிவிட்டு வரும். அந்தப் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்லிக் கொடுத்தவர் அடுத்த வாசலுக்குத் திறப்புக் கொடுக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று விசயம். வினாத்தாளை அனுப்பியவர்கள் அதே குரூப்களில் திருத்தத்தையும் அனுப்ப வேண்டும். 89 என்று எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளியைக் கொடுக்க வேண்டும், ஏசியவர்கள் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து "நீ சொன்னது சரி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விடையை மட்டும் எழுதி வழி காட்டாத தாளுக்கு, அது சரியான விடையாக இருந்தாலும், முழுப் புள்ளி கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

பெற்றார்களே, மாதாமாதம் காசு கட்டுகிற நீங்களும் ஒன்று செய்யலாம். பிள்ளையிடம் தொடரை ஒப்புவிக்கச் சொல்லாதீர்கள். "ஏழாம் படிக்கு 21 என்றாய், அதில் கடைசியாக ஒரு படி ஏறி வந்தவை எத்தனை, இரண்டு தாவி வந்தவை எத்தனை?" என்று கேளுங்கள். 13, 8 என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னால் உங்கள் காசு வீண் போகவில்லை. சொல்லாவிட்டால் பிள்ளையை ஏசாதீர்கள். சொல்லிக் கொடுத்தவரிடம் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.