ஊசலாடும் தகடும் உறங்கும் உடலும்

ஒரே ஓர் அறையில் மட்டும் ஏசி பொருத்தப்பட்ட வீடுகளில், கோடை இரவுகளில் குடும்பம் முழுவதும் அந்த ஓர் அறைக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரிலும், பாறசாலை வரை நீளும் எல்லையோர ஊர்களிலும் இது பழகிய காட்சி. கட்டிலில் பாட்டி, தரையில் பாய் விரித்துப் பேரக்குழந்தைகள், சுவரோரம் ஒருவர். எல்லாருக்கும் குளிர் சமமாகக் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் யாரோ ஒருவர் ரிமோட்டில் SWING பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கிறார். நள்ளிரவு தாண்டியதும் பாட்டி போர்வையைத் தேடுகிறார். விடியற்காலையில் ஒருவருக்குக் கழுத்துப் பிடிப்பு, இன்னொருவருக்குத் தொண்டை வறட்சி. மறுநாள் குற்றம் ஏசியின் மீது சுமத்தப்படுகிறது. உண்மையில் குற்றம் அந்தப் பொத்தானைப் பற்றிய புரிதலில் இருக்கிறது. தகட்டை ஊசலாட விடுவது குளிரைப் பங்கிடுவதில்லை. குளிர்ந்த காற்றின் அடியை மட்டுமே அது ஒவ்வோர் உடலின் மீதும் மாறி மாறிப் பங்கிடுகிறது. குளிரை அறை முழுவதும் பரப்புவது வேறொரு வேலை. அதற்குத் தகடு அசையாமல் நிற்க வேண்டும்.

குளிரூட்டும்போது சுவர் ஏசியின் வாயிலிருந்து வெளிவரும் காற்று ஏறத்தாழ 12 முதல் 15 டிகிரி வரை இருக்கும். அறையின் காற்று 26 டிகிரி என்றால், வெளிவரும் காற்று அதைவிட ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே அதன் இயல்பு கீழே விழுவது. அதைக் கீழ்நோக்கித் தள்ள யாரும் உதவ வேண்டியதில்லை. மேல்நோக்கி அனுப்பினால்தான் அது கலப்பதற்கு நேரம் கிடைக்கிறது. கூரையை ஒட்டி ஓடும் காற்றோட்டம் கூரையைப் பற்றிக்கொண்டு செல்லும் தன்மையுடையது; உருமேனியப் பொறியியலாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயரால் இத்தன்மை கோவாண்டா விளைவு எனப்படுகிறது. அப்படிப் போகும் வழியெங்கும் அது அறையின் வெப்பக் காற்றை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. எதிர்ச் சுவரை அடைந்து இறங்கும்போது அதன் வேகமும் தணிந்திருக்கும், குளிர்ச்சியும் தணிந்திருக்கும். கான்கிரீட் தளம் போட்ட வீடுகளில் இதனால் இன்னொரு பயனும் உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவிலும் கீழ்நோக்கி வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கும். அதன் அடிப்பரப்பைத் தொட்டுச் செல்லும் குளிர்காற்று, படுத்திருப்பவர் முகத்தில் உணரும் அந்த வெப்பத்தைச் சற்றுக் குறைக்கிறது.

ஓர் அறையை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. குறுகிய சுவரில் ஏசி. அதன் காற்று வாய் தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் இருக்கிறது. அதே சுவரில் தலைவைத்து, எதிர்ச் சுவரை நோக்கிக் கால் நீட்டியபடி கட்டில். மெத்தையின் உயரம் 2 அடி. தகடு 45 பாகை கீழ்நோக்கி நின்றால், காற்று ஐந்தரை அடி இறங்குவதற்குள் ஐந்தரை அடி முன்னே செல்லும். கட்டிலில் அது முழங்காலுக்குக் கீழே போய் விழும். குளிர்காற்று நேர்க்கோட்டில் போகாமல் வளைந்து இறங்குவதால், உண்மையில் அதற்கும் முன்பே, தொடையின் மீது விழும். தகடு மேலும் சாய்ந்தால் வயிறு, பிறகு மார்பு. SWING என்பது இந்த எல்லா இடங்களையும் சில நொடிகளுக்கு ஒரு முறை தொட்டுத் திரும்பும் பயணம். மாறாக, தகடு அதன் மிக உயர்ந்த நிலையில் நின்றால், காற்று படுத்திருப்பவரைத் தாண்டி மேலேயே சென்று, கட்டிலின் கால்மாட்டுக்கும் ஐந்தடி அப்பால் எதிர்ச் சுவரோரம் இறங்கும். ஏசிக்கு நேர் கீழே தலைவைத்தால் குளிர் அதிகம் என்ற பரவலான அச்சம், தகடு உயர்ந்து நிற்கும் அறையில் பெரும்பாலும் பொருந்தாது. அந்த இடமே காற்றோட்டம் குறைந்த இடம்.

வீசும் காற்றால் வரும் தொல்லையை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபாங்கரும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட அந்தச் சமன்பாடு, பின்னர் ஐஎஸ்ஓ 7730 தரநிலையில் இடம்பெற்றது. காற்றின் வெப்பநிலை, சராசரி வேகம், வேகம் எவ்வளவு ஏறியிறங்குகிறது என்னும் அலைவு, ஆகிய மூன்றையும் கொடுத்தால் நூற்றில் எத்தனை பேர் அதைத் தொல்லையாக உணர்வார்கள் என்று சொல்லும். அலைவு 40 விழுக்காடு என்று கொள்ளலாம். உடலைத் தொடும் காற்று 22 டிகிரியில், நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் வந்தால் விடை 57 பேர். அதே காற்று கலந்து தணிந்து, 25 டிகிரியில், நொடிக்கு 0.15 மீட்டர் வேகத்தில் வந்தால் 12 பேர். உட்கார்ந்து விழித்திருந்தவர்களை வைத்து, குளிர்நாட்டில் செய்த ஆய்வு அது. மின்விசிறிக்கடியில் வளர்ந்த உடல்களுக்கு எண்கள் அப்படியே பொருந்தும் என்று வாதிட முடியாது. போர்வை மூடிய உடலுக்கும் அவை வேறுபடும். ஆனால் வேகம், குளிர்ச்சி, அலைவு மூன்றும் சேர்ந்தே தொல்லை தருகின்றன என்னும் திசை மாறாது. போர்வைக்கு வெளியே இருக்கும் முகத்துக்கும் கழுத்துக்கும் அது முழுமையாகப் பொருந்தும்.

ஊசலாட்டம் இந்த மூன்றில் மூன்றாவதை வலிந்து கூட்டுகிறது. தோலில் உள்ள குளிர் உணரிகள், நிலையான குளிரைவிட, திடீரென இறங்கும் வெப்பநிலைக்கே வலுவாகப் பதில் தருகின்றன. தகடு விலகியிருக்கும் நொடிகளில் தோல் சற்றே வெம்மை பெறுகிறது. அடுத்த வீச்சு அதை மீண்டும் புதிதாய்த் தாக்குகிறது. எனவே தோல் அதற்குப் பழகுவதற்கு இடமே இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலில் வியர்த்து வந்தவருக்கு இதே வீச்சு பேரின்பம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. சூடேறிய உடலுக்கு இனிப்பது, உறக்கத்தில் தானே குளிர்ந்து வரும் உடலுக்கு இனிப்பதில்லை. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்தறிந்த மொழியினர், தலைக்கு மேலிருந்து வீசும் இந்தக் காற்றுக்கு மட்டும் பொத்தானின் ஆங்கிலப் பெயரோடு நின்றுவிட்டது வியப்புக்குரியது.

குளிர் அடிக்கிறதென்று வெப்பநிலையை 24-இலிருந்து 28-க்கு உயர்த்துவது அடுத்த வழக்கம். பழைய வகை ஏசிகளில் இது தொல்லையைத் தீர்ப்பதில்லை. கம்ப்ரசர் ஓடும் நேரமெல்லாம் வாயிலிருந்து வரும் காற்று அதே குளிரோடுதான் வருகிறது. எண்ணை உயர்த்தினால் அது ஓடும் நேரம் மட்டுமே குறைகிறது. கம்ப்ரசர் நின்ற இடைவெளியில் விசிறி மட்டும் சுழன்று, சுருளில் தங்கிய நீரை மீண்டும் அறைக்குள் ஆவியாக்குகிறது. ஈரம் மிகுந்த கடலோரத்தில் இதன் விளைவு, கசகசப்பும் குளிர் வீச்சும் மாறி மாறி வரும் இரவு. திசையைத் திருத்தாமல் எண்ணைத் திருத்துவதன் பலன் இவ்வளவுதான். தகட்டை உயர்த்திய பின் 26-இல் வைத்தால், பெரும்பாலான குடும்பங்களுக்கு அது போதும்.

இதில் பலரும் தவறவிடும் இடம் விசிறியின் வேகம். மெல்ல வீசினால் குளிர் அடிக்காது என்று தோன்றும். மெல்ல வீசும் குளிர்காற்றுக்குக் கூரையைப் பற்றிக்கொண்டு எதிர்ச் சுவர் வரை செல்லும் வலு இருப்பதில்லை. பாதி வழியில் கழன்று, கட்டிலின் மீது கொட்டுகிறது. பத்தரை மணிக்கு இதமாக இருந்த அறை இரண்டரை மணிக்குக் காலில் குளிர்வதற்கு ஒரு காரணம் இதுவே. AUTO-வில் விடப்பட்ட விசிறி, அறை குளிர்ந்ததும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. DRY முறையிலும் இதே நிலை. SLEEP பொத்தான் பெரும்பாலான ஏசிகளில் வெப்பநிலையை மணிக்கு ஒரு டிகிரி வீதம் சிறிது உயர்த்துமே தவிர, தகட்டின் திசையைப் பார்த்துக்கொள்வதில்லை. ஆகவே விசிறியை நடு வேகத்தில் நிலையாக வைப்பதே சரி. சற்று ஓசை கூடும். அது கொடுக்கத் தகுந்த விலை.

செய்முறை எளிது. குளிரூட்டும் நிலையில் SWING-ஐ அழுத்தி, கிடைத்தகடு மேலே ஏறியதும் மீண்டும் அழுத்தி நிறுத்த வேண்டும். அந்தத் தகட்டைக் கையால் தள்ளக் கூடாது. அதைச் சுழற்றும் சிறு மோட்டாரின் பற்கள் தேய்ந்தால் பிறகு எந்த நிலையிலும் நிற்காது. அதன் பின்னால் இடவலமாகத் திரும்பும் செங்குத்துத் தகடுகள் விலை குறைந்த ஏசிகளில் கையால் திருப்புபவை. ஏசியை நிறுத்திவிட்டு அவற்றைக் கட்டில் இல்லாத பக்கம் திருப்பலாம். கூரை மின்விசிறியைக் குறைந்த எண்ணில் ஓடவிட்டால் கலப்பு நன்றாகும். உயர்ந்த எண்ணில் ஓடவிட்டால், கூரையோரம் செல்லும் குளிரை அதுவே பிடித்திழுத்துப் படுக்கையில் இறைக்கும். சரியாயிற்றா என்று அறிய, அரைமணி நேரம் கழித்துத் தலையணையருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் போதும். புகை ஓரிரு சாண் நேராக எழுந்து பிறகு மெல்லக் கலைந்தால் நல்லது. எழுந்தவுடன் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் காற்று இன்னும் அங்கே விழுகிறது.

தரையில் படுப்பவர்களின் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. எதிர்ச் சுவரோரம் இறங்கிய காற்று தரையைத் தொட்டு, ஏசி இருக்கும் சுவரை நோக்கித் தவழ்ந்து திரும்புகிறது. அறையின் மிகக் குளிர்ந்த பகுதி அங்கேதான். ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் வழக்கமாகக் கட்டிலில் இருப்பார். குளிரைத் தாங்குபவர் பாயில் இருப்பார். எதிர்ச் சுவரோரத்தில் பாய் விரிப்பதைத் தவிர்த்து, ஏசிச் சுவரின் பக்கமாக விரிப்பதும், பாய்க்கடியில் தடித்த விரிப்பு ஒன்று இடுவதும் நல்லது. வெப்பநிலையைத் தீர்மானிக்கும் உரிமையும் பாயில் படுப்பவருக்கே இருக்க வேண்டும்.

எல்லா அறையிலும் இது இவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்பதில்லை. ஏசி கூரையிலிருந்து இரண்டடிக்கு மேல் தாழ்ந்திருந்தால், காற்று கூரையைப் பற்றுவது தளர்கிறது. சில ஏசிகளில் குளிரூட்டும்போது தகட்டின் உச்ச நிலையே சற்றுக் கீழ்நோக்கியது. ஜன்னல் ஏசியின் வாயோ மெத்தைக்கு ஓரிரு அடி மேலேதான் இருக்கும். அதன் தகடுகளை இயன்றவரை மேல்நோக்கி நிமிர்த்துவதைத் தவிர வழியில்லை. நேற்று வரை எதிர்ச் சுவரை எட்டிய காற்று இன்று நடுவழியில் விழுந்தால், முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டி. தூசி அடைத்த வடிகட்டி காற்றின் அளவைக் குறைக்கிறது. குறைந்த காற்று மேலும் குளிர்ந்து, மேலும் விரைவாக விழுகிறது. அதைக் கழுவிக் காயவைத்து மாட்டிய பிறகும் ஊதுபத்தியின் புகை சாய்ந்தால், நகர்த்த வேண்டியது கட்டில்.